இரண்டு நாள் வேலைக்கு 54,000 ரூபாயா?

கேள்வி: மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். வரி தனி, விலை 1,80,000 என்று பேச்சு. பில்லில் பொருள் 1,26,000, பொருத்தும் சேவை 54,000 என்று பிரித்திருக்கிறார்கள். மூன்று பேர் வந்து இரண்டே நாளில் முடித்த வேலைக்கு இவ்வளவு கூலியா? – திருப்பூர்

பதில்: அது கூலியே இல்லை. வரிக் கணக்குக்காகச் சட்டம் வைத்துக்கொண்ட ஒரு எண். உங்கள் கடைக்காரர் ஒழுங்காகத்தான் பில் போட்டிருக்கிறார்.

2017-இல் ஜி.எஸ்.டி. வந்த புதிதில் சோலாருக்குப் பெரிய குழப்பம் இருந்தது. பேனலுக்கு 5 சதவீதம், பொருத்தும் வேலைக்கு 18. ஒரே ஆள் பேனலும் கொடுத்து, இரும்புச் சட்டமும் அடித்து, வயரும் இழுத்துக் கொடுத்தால் மொத்தத்துக்கும் எது? ஒருவர் எல்லாம் பொருள்தான், 5 என்றார். இன்னொருவர் எல்லாம் ஒப்பந்த வேலை, 18 என்றார். கடைசியில், 2019 ஜனவரி 1 முதல் மொத்த விலையில் 70 சதவீதம் பொருள், 30 சதவீதம் சேவை என்று வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். உண்மையில் கூலி எவ்வளவு ஆனது என்று யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,26,000-க்கு 5 சதவீதம் 6,300. மீதி 54,000-க்கு 18 சதவீதம் 9,720. மொத்த வரி 16,020, அதாவது விலையில் 8.9 சதவீதம். உங்கள் பில்லிலும் இதுதான் இருக்கும். இருந்தால் நிம்மதியாக மின்சாரம் எடுங்கள்.

கேள்வி: எங்களுக்கு விலை 2,00,000. பில்லில் "சோலார் சிஸ்டம், 1 நம்பர்" என்று ஒரே வரி, அதன் மேல் 18 சதவீதம், 36,000. கேட்டால் "வேலை செய்து கொடுத்தால் எல்லாமே 18 தான்" என்கிறார். ஜனவரி 2026-இல் போட்ட பில். – விருத்தாசலம்

பதில்: உங்களிடம் அதிகம் வாங்கிவிட்டார்கள். 1,40,000-க்கு 7,000, 60,000-க்கு 10,800, ஆக 17,800 தான் வரி. கூடுதலாகப் போனது 18,200. ஒரு குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை.

முதலில் பில்லில் உள்ள 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண்ணை services.gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-இல் தொடங்கும். பதிவு ரத்தாகிப்போன எண்ணில் வரி வசூலிக்கிறவர்களும் உண்டு. எண் சரியாக இருந்தால், கூடுதலாகப் போட்ட வரிக்குக் கிரெடிட் நோட், அதாவது பில் தொகையைக் குறைத்து அவர் தரும் சீட்டு, கேட்டு எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப்பிலாவது அனுப்புங்கள். வாயால் கேட்டது காற்றோடு போய்விடும்.

அவர் கட்டிய வரி அவருக்கே சரிக்கட்டப்படும் என்பதால், மனமிருந்தால் இதில் அவருக்கு நஷ்டம் இல்லை. ஆனால் கெடு உண்டு. உங்கள் பில் 2025-26 நிதியாண்டு, எனவே 2026 நவம்பர் 30-க்குள் அவர் அதைக் கணக்கில் காட்டியாக வேண்டும். இழுத்தடித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணமே கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

கேள்வி: மானியம் 78,000 போக மீதிக்குத்தானே வரி போட வேண்டும்? – ஓசூர்

பதில்: இல்லை. மானியம் பின்னால் உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. கடைக்காரர் விற்றது முழு விலைக்கு.

கேள்வி: 2025 ஆகஸ்டில் "வரி உட்பட எல்லாம் சேர்த்து 2,04,840" என்று பேசி 20,000 முன்பணம் கொடுத்தேன். நவம்பரில் மாட்டி, அப்போதுதான் பில்லும் மீதிப் பணமும். இடையில் வரி குறைந்ததாகச் சொல்கிறார்கள். எனக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லையே? – தேனி

பதில்: இந்த "எல்லாம் சேர்த்து" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

2017-இல் 5 சதவீதமாக இருந்த சோலார் பொருள் வரி இடையில் 12 ஆகியிருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல்தான் மறுபடி 5. அந்த 12-ஐ வைத்தால் 70-க்கு 30 கணக்கில் மொத்தம் 13.8 சதவீதம். உங்கள் 2,04,840 என்பது 1,80,000-உம் அந்தப் பழைய வரியும்தான். வேலை, பில் இரண்டும் நவம்பரில் நடந்ததால் உங்களுக்குப் புதிய 8.9 சதவீதம்தான். மொத்தம் 1,96,020 வந்திருக்க வேண்டும். இப்போது பில்லை எடுத்து வரிக்கு முந்தைய விலையைப் பாருங்கள். 1,88,099 என்று இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். வரியைக் குறைத்த மாதிரியும் ஆயிற்று, அடிப்படை விலையை ஏற்றி 8,820 ரூபாயைக் கூட்டிக்கொண்ட மாதிரியும் ஆயிற்று. ஆகஸ்டு மாத மதிப்பீட்டுத் தாளில் 1,80,000 தனியாக எழுதியிருந்தால் அதைக் காட்டிச் சண்டை போடலாம். வெறும் மொத்தத் தொகைதான் என்றால், ஐயா, "நீங்கள் பேசிய விலைக்குத்தானே கொடுத்தேன்" என்பார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? சில வருடம் முன்பு ஏ.சி. வாங்கினேன், அப்போது அதற்கு 28 சதவீதம். "மாட்டுகிற காசை ஆளின் கையில் கொடுத்துவிடுங்கள் சார், பில்லில் ஏற்றினால் வரி" என்றார் கடைக்காரர். மிச்சம் என்று கொடுத்தேன். நாலாவது மாதம் செம்புக் குழாய் இணைப்பில் வாயு கசிந்தது. மாட்டியது நாங்கள் இல்லை, பில்லில் எங்கே இருக்கிறது என்றார்கள். 28 சதவீதம் மிச்சம் பிடிக்கப் போய் வாயு நிரப்பியது, குழாய் மாற்றியது என்று அதைப் போல மூன்று மடங்கு போனது. வீட்டில் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள்.

விலை, வரி, வேலை மூன்றும் தனித்தனி வரியாக இருக்கிற மதிப்பீட்டுத் தாள் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கூரை உயரமாக வேண்டும் என்று தனி இரும்புச் சட்டம் போட்டாலும் அதே ஒப்பந்தத்தில் இருந்தால் அதுவும் 70-க்கு 30 கணக்குக்குள்ளேயே வரும். அதை மட்டும் பிடுங்கி 18 போட இடமில்லை.

கேள்வி: ஆகஸ்டிலேயே பில் போட்டு முழுப் பணமும் கட்டிவிட்டேன், மாட்டியது அக்டோபரில். எனக்கும் குறையுமா? – காரைக்குடி

பதில்: குறையாது. பில், பணம், வேலை மூன்றில் இரண்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்து வரிதான். மாட்டாத பொருளுக்கு முழுப் பணத்தையும் எதற்குக் கொடுத்தீர்கள்?

கேள்வி: மொத்தத்தையும் பொருள் என்று எழுதி 5 சதவீதம் போடச் சொல்லட்டுமா? 7,000 ரூபாய் மிச்சமாகுமே. – பெயர் வேண்டாம்

பதில்: பெயர் வேண்டாம் என்பதிலேயே பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பேனல், இன்வெர்ட்டரைக் கடையில் தனியாக வாங்கினால் அது 5 தான். அப்புறம் உங்கள் ஊர் எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். பதிவு இல்லாதவர் ஜி.எஸ்.டி. கேட்கவே கூடாது. ஆனால் மானியம் அரசின் பட்டியலில் உள்ள நிறுவனம் மாட்டினால்தான். 7,000-க்காக 78,000-ஐ விடுவீர்களா, கணக்குப் பாருங்கள்.