சுழியம், காலிக் கட்டம், பிழை: எக்செல் சராசரி கேள்வி பதில்

பிரிக்ஃபீல்ட்ஸ், வாழையிலை உணவகக் கணக்கர்: அண்ணே, வார விற்பனைக்குச் சராசரி போட்டால் #N/A என்றே வருது. கடை மூடின நாளுக்கு 0 போட்டிருக்கேன், ஒரு நாள் எழுதவே இல்லை. என்ன செய்ய?

நீங்கள் அனுப்பிய தாளில் B2 முதல் B8 வரை இப்படி இருக்கிறது: திங்கள் 0, செவ்வாய் 1200, புதன் 900, வியாழன் காலி, வெள்ளி #N/A, சனி 1800, ஞாயிறு 1500. AVERAGE காலிக் கட்டத்தைத் தானாகவே விட்டுவிடும். ஆனால் சுழியத்தை ஒரு நாளாக எண்ணிக்கொள்ளும். பிழைக் கட்டம் ஒன்றே ஒன்று இருந்தாலும் விடையே பிழையாகிவிடும். இதைப் போடுங்கள்:

```
=AVERAGEIF(B2:B8,">0")
```

நான்கு நாள் விற்பனை 5400, சராசரி 1350 ரிங்கிட். வெள்ளிக்கிழமைக் கட்டத்தை மட்டும் அழித்துவிட்டு வெறும் AVERAGE போட்டிருந்தால் திங்கள் சுழியமும் சேர்ந்து 1080 வந்திருக்கும். பார்க்க நியாயமான எண்தான், அதனால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

செந்தூல், தணிக்கை உதவியாளர்: ">0" எதற்கு? "<>0" போட்டாலே போதுமே. நான் வருஷக்கணக்கா அதைத்தான் போடுறேன்.

பாதி சரி. சுழியமும் காலியும் அதில் போய்விடும். ஆனால் #N/A என்பதும் சுழியத்துக்குச் சமமில்லாத ஒன்றுதானே? அது உள்ளே வந்துவிடும், விடையும் பிழையாகிவிடும். இத்தனை வருஷம் உங்கள் தாளில் பிழைக் கட்டம் வராதது உங்கள் அதிர்ஷ்டம். ">0" என்று கேட்டால் பிழைக் கட்டம் அந்த நிபந்தனைக்குள் வராது, அவ்வளவுதான் விஷயம்.

ஜார்ஜ் டவுன், பூக்கடை: என் தாள் லாப நட்டத் தாள். நட்டமான நாளில் மைனஸ் வரும். அதுவும் போயிடுமா சார்?

போய்விடும்மா, அதுதான் அதன் குறை. உதாரணத்துக்கு 300, -120, 0, #DIV/0!, 240 என்று வைத்துக்கொள்வோம். ">0" போட்டால் 270 வரும், நட்டமே இல்லாத கடை மாதிரி. உண்மையில் மூன்று நாளைக்கு 420, சராசரி 140. உங்களுக்கு இது வேண்டும்:

```
=AVERAGE(IF(ISNUMBER(B2:B6),IF(B2:B6<>0,B2:B6)))
```

இரண்டு IF ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். ஒரு காலத்தில் நான் கெட்டிக்காரத்தனமாக இரண்டு நிபந்தனையையும் `*` போட்டுப் பெருக்கி ஒரே IF ஆக்கினேன். பிழைக் கட்டத்தை எதோடு பெருக்கினாலும் பிழைதான், மாதக் கணக்கு முழுக்க #DIV/0! ஆனது. அப்புறம், பழைய எக்செல் என்றால் (2019 வரை) வெறும் Enter தட்டாதீர்கள், Ctrl+Shift+Enter.

பட்டர்வொர்த்: எனக்கும் இதே பிரச்சினை. Options-ல் போய் சுழியம் தெரியாமல் பண்ணிட்டேன், இன்னும் சராசரி குறைவாவே வருது.

கண்ணுக்குத்தான் மறைந்திருக்கிறது, கட்டத்தில் 0 அப்படியே இருக்கிறது. கட்டத்தைச் சொடுக்கி மேலே ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். ஃபார்முலா பட்டையில் `=Sheet2!B4` மாதிரி ஒன்று இருந்தால், அந்தப் பக்கம் காலியாக இருந்தாலும் இங்கே 0 என்றுதான் வரும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

செலாயாங், டியூஷன் டீச்சர்: 30 பிள்ளைகள் மார்க். ஒருத்தன் நிஜமாவே 0 வாங்கினான். அவனையும் தள்ளிடணுமா?

கூடாது டீச்சர். எழுதி 0 வாங்கியவன் வேறு, வராதவன் வேறு. வராதவனுக்கு வழக்கம்போல TH என்று தட்டுங்கள். எழுத்து என்பதால் கணக்கில் சேராது. பிறகு:

```
=AVERAGEIF(C2:C31,">=0")
```

சுழியம் சேரும், TH, காலி, பிழை மூன்றும் விலகும். மறுதேர்வு எழுதாமலே போனவனுக்கு 0 போடுவதா TH போடுவதா என்று ஆசிரியர் அறையில் சண்டை நடக்கும், அதற்கு என்னிடம் ஃபார்முலா இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் (மறுபடி): 1350 வந்துருச்சு அண்ணே. ஆனா முதலாளி "வியாழன் கடை திறந்துதானே இருந்துச்சு" என்கிறார்.

அப்படியென்றால் அது விடுமுறை இல்லை, எழுதாமல் விட்ட விற்பனை. `=COUNTIF(B2:B8,">0")` போட்டால் 4 என்று வரும். திறந்த நாள் அதைவிட அதிகம் என்றால் எண் எங்கோ விடுபட்டிருக்கிறது. வெள்ளியும் அதேதான், #N/A என்றால் பெரும்பாலும் VLOOKUP தேடிய தேதி கிடைக்கவில்லை என்று அர்த்தம். இரண்டு நாளின் பில் சுருளையும் முதலில் தேடுங்கள். அதுவரை 1350-ஐ அவரிடம் உறுதியாகச் சொல்ல வேண்டாம்.