கினிக்கோழி முட்டையை எங்கே ஒளிக்கிறது?

கேள்வி: ஹோமாகமவில் எங்கள் வளவில் ஐந்து பேடும் ஒரு சேவலுமாகக் கினிக்கோழி வளர்க்கிறேன். நோய் நொடி இல்லை. ஆனால் கூட்டில் ஒரு முட்டையும் கிடைப்பதில்லை. குஞ்சு பொரிக்க வைக்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பேடுகள் பெரும்பாலும் முட்டையிட்டுக்கொண்டுதான் இருக்கும். கினிக்கோழி நாட்டுக்கோழியைப் போலப் பெட்டியை நாடாது. புதருக்கடியில் மண்ணைச் சற்றுப் பறித்து, பல பேடுகள் ஒரே குழியில் இடும். இருபது, முப்பது முட்டை சேரும்வரை அடையிலும் அமராது என்பதால், வளர்ப்பவருக்கு நெடுநாள் ஒன்றும் தெரியவராது.

இவை பெரும்பாலும் முற்பகலின் பிற்பகுதியிலிருந்து மாலைக்குள் முட்டையிடும். ஆகவே கூட்டத்தை நண்பகல்வரை அடைத்து வைத்துவிட்டுத் திறந்துவிடுங்கள். முட்டையிடும் வேளை வந்த பேடு மேய நிற்காமல் நேரே தன் குழியை நோக்கி நடக்கும். பின்தொடர்ந்தால் வேறு பக்கம் திரும்பிவிடும் என்பதால், தூரத்தில் ஓரிடத்தில் இருந்தபடி கவனியுங்கள். சேவல் ஒரே இடத்தில் காவல் நின்றால் அதன் அருகிலுள்ள அன்னாசிப் புதர், வேலியோரப் புல், வாழைச் சருகு ஆகியவற்றை முதலில் பாருங்கள். பாம்பு இருக்கக்கூடும், முதலில் தடியால் விலக்கிப் பாருங்கள்.

குழியைக் கண்டவுடன் எல்லா முட்டைகளையும் எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் பேடுகள் அந்த இடத்தைக் கைவிட்டு வேறிடம் தேடும், நீங்கள் மீண்டும் தொடக்கத்துக்கு வருவீர்கள். ஐந்தாறு முட்டைகளில் பென்சிலால் அடையாளமிட்டு விட்டுவைத்து, அடையாளமில்லாத புதியவற்றை மட்டும் நாள்தோறும் பேடு இல்லாத வேளையில் நீண்ட காம்புள்ள அகப்பையால் எடுங்கள். முதல் நாள் கண்ட குவியலின் வயது தெரியாது; அதை அடைக்கு வைக்க வேண்டாம்.

ஒரு வாரத்துக்குள் சேர்ந்த முட்டைகளை அடையிலிருக்கும் நாட்டுக்கோழிக்கு வையுங்கள். கினி முட்டை சிறியது, ஆகவே ஒரு கோழி பதினைந்து வரை தாங்கும். பொரிக்க 26 முதல் 28 நாட்கள் ஆகும், 21ஆம் நாளில் ஏமாந்து கலைத்துவிடாதீர்கள். கினிப்பேட்டிடமே விடுவதை நான் விரும்புவதில்லை. அது குஞ்சுகளை ஈரப்புல்லில் இழுத்துத் திரியும், கொழும்புப் பக்கத்து மழையில் அவை நனைந்து விறைத்துப் போகும். உலர்ந்த தரையும், கூழாங்கல் போட்ட ஆழமற்ற தண்ணீர்த் தட்டும், முதல் வாரங்களில் புரதம் மிகுந்த தீனியும் அவற்றுக்கு அவசியம். வளர்ந்தபின்தான் இவை உறுதியான பறவைகள்.

கூட்டில் உயரத்தில் அகலமான கழிகள் கட்டுங்கள். மாலையில் கூட்டினுள் மட்டுமே தானியம் போட்டால் அடைய வரும். மரத்தில் தங்கிப் பழகிய பறவையை இறக்குவது கடினம், மரநாய்க்கும் அது இரையாகும். புதிய பறவைகளை ஆறு வாரம் அடைத்து வைத்தபின் திறந்துவிடுங்கள். சத்தம் குறையாது, அயலவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.