நோ காஸ்ட் தவணையில் காசு எங்கே ஒளிந்திருக்கிறது? கேள்வி பதில்

வீட்டுச் சாமான் கடை ஒன்றில் தவணை மேசையில் 11 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். அட்டைத் தவணை, கடைத் தவணை இரண்டையும் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: கைப்பேசி விலை 30,000. மாதம் 5,000 வீதம் ஆறு மாதம். கூட்டினாலும் அதே 30,000தான். இதில் எனக்கு என்ன நஷ்டம் ஐயா?

பதில்: கூட்டல் சரி. ஆனால் வங்கி உங்களுக்குக் கொடுக்கும் கடன் 30,000 அல்ல. கடன் அட்டைத் தவணைக்கு ஆண்டு வட்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 வீதம் ஆறு மாதத்தில் அடைபடும் கடன் 28,730 ரூபாய்தான். மீதி 1,270 வட்டி. அந்த 1,270-ஐ விற்பவர் தள்ளுபடி என்ற பெயரில் முதலிலேயே கழித்துவிடுகிறார். அதனால் உங்கள் கண்ணுக்கு வட்டியே இல்லாததுபோல் தெரிகிறது.

இனிமேல்தான் காசு கசிகிறது. 1,270 ரூபாய் வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., சுமார் 229 ரூபாய், மாதாமாதம் சிறுகச் சிறுக உங்கள் கணக்கில் ஏறும். செயலாக்கக் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக 464 ரூபாய். இதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை என்று விட்டுவிடலாம்.

பெரிய அடி வேறிடத்தில் இருக்கிறது. அதே கைப்பேசிக்கு முழுத்தொகையும் ஒரே தடவையில் கொடுப்பவருக்கு 1,500 ரூபாய் தள்ளுபடி உண்டென்றால், அதன் உண்மை விலை 28,500. நீங்கள் கொடுப்பதோ 30,464. வித்தியாசம் 1,964. கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாக மூன்றரை மாதத்துக்குத்தான் அந்தப் பணம் உங்களிடம் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஆண்டு வட்டி 23, 24 சதவீதத்தை ஒட்டி வரும். எனவே கடைக்குள் நுழைந்ததும் முதலில் கேட்க வேண்டியது, "இப்போதே முழுப் பணமும் கொடுத்தால் என்ன விலை?" தவணையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

கேள்வி: வட்டியைத்தான் விற்பவர் ஏற்றுக்கொண்டாரே, பிறகு அதற்கு வரியை நான் ஏன் கட்ட வேண்டும்?

பதில்: அவர் ஏற்றது வட்டியை அல்ல. பொருளின் விலையைக் குறைத்தார், அவ்வளவுதான். வங்கியின் கணக்கில் வட்டி கட்டுபவர் நீங்கள்தான். கடன் அட்டை வட்டிக்கு ஜி.எஸ்.டி. உண்டு. நிதி நிறுவனம் கொடுக்கும் சாதாரணக் கடனின் வட்டிக்கு அது கிடையாது. அங்கே கட்டணத்துக்கு மட்டும்தான் வரி. அதனால்தான் சிலர் "எனக்கு வரி வரவே இல்லை" என்று சத்தியம் செய்வார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான்.

கேள்வி: நகைக் கடனை எந்த வங்கியில் வைத்தால் லாபம் அண்ணா?

பதில்: அது என் துறையல்ல. விஷயம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: விளம்பரத்தில் வட்டி 0 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே. பொய்யா சொல்வார்கள்?

பதில்: பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டியைச் செயலாக்கக் கட்டணத்துக்குள் மறைக்கிறார்கள் என்றும் குறிப்பிட்டது. 2022-இல் வந்த கடன் அட்டை விதிகள் இன்னும் தெளிவு. தவணையாக மாற்றும் முன்பே அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். மாத அறிக்கையிலும் அப்படியே காட்ட வேண்டும். ஆகவே எண்கள் உங்கள் கண் முன்னால்தான் இருக்கின்றன. "மேலும் விவரம்" என்ற பொடி எழுத்தைத் தொடுவதற்குத்தான் நமக்குப் பொறுமை இல்லை.

கேள்வி: தாங்கள் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். நான் 30,000-ஐ வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டுவிட்டு அதிலிருந்து தவணை கட்டுகிறேன். லாபம் எனக்குத்தானே?

பதில்: பாதி சரி. மாதம் 5,000 எடுத்துக்கொண்டே இருந்தால் ஆறு மாதத்தில் கிடைக்கும் வட்டி சுமார் 612 ரூபாய். கூடுதல் செலவு 464 மட்டும்தான் என்றால் கையில் 148 மிஞ்சும். ஆனால் மாதாமாதம் உடைக்கிற வைப்புக்கு யார் 7 சதவீதம் தருகிறார்கள்? சாதாரண சேமிப்புக் கணக்கில் 3 சதவீதம் என்றால் 262 ரூபாய்தான் வரும். அங்கேயே நஷ்டம். முழுப்பணத் தள்ளுபடியும் கைவிட்டுப் போயிருந்தால் இந்தக் கணக்கையே எடுக்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, அப்படியானால் வட்டி உண்டா, இல்லையா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: வைப்பு நிதி பற்றிக் கேட்டவன்தான். நான் கட்டணமே இல்லாத அட்டையைத்தான் பயன்படுத்துகிறேன். முழுப்பணத் தள்ளுபடியும் அந்தப் பொருளுக்கு இல்லை. இப்போது சொல்லுங்கள்.

பதில்: அப்படியானால் உங்களுக்குச் செலவு அந்த 229 மட்டும். சேமிப்புக் கணக்கிலேயே 33 ரூபாய் லாபம். ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தவணையே இல்லாமல் அட்டையில் வாங்கி, கெடு தேதியில் முழுவதும் கட்டினால் 45 நாள் வரை சும்மா கிடைக்கிறதே. அவர் ஏன் 33 ரூபாய்க்கு ஆறு மாதம் மல்லுக்கட்டுகிறார்?

பதில்: சரியாகக் கேட்டீர்கள். ஒரு தவணை தவறினால் அட்டையின் வழக்கமான வட்டி பாயும். மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வாங்கும் அட்டைகள் சாதாரணம். 33 ரூபாய் ஒரே நாளில் காணாமல் போய்விடும். அவரோ தவறவே மாட்டேன் என்பார். அதை நான் மறுக்க முடியாது. நீங்கள் இருவரும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குளிர்சாதனப் பெட்டி 36,000. பன்னிரண்டு தவணை, முதலிலேயே நான்கு கட்ட வேண்டும் என்றார் கடைப் பையன். கட்டணம் 700தான், நல்ல திட்டம் என்கிறார். என் அக்கா வேண்டாம் என்கிறார்.

பதில்: அக்கா பேச்சைக் கேட்டு இன்னொரு முறை கணக்குப் பாருங்கள். முதல் நாளே 12,000 கொடுத்துவிடுகிறீர்கள். கடன் 24,000தான், அதுவும் எட்டு மாதத்துக்கு. 700-ஐ 36,000-க்கு அல்ல, 24,000-க்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டும். சராசரி நான்கரை மாதம். ஆண்டுக்கு எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அது மோசமில்லை. ஆனால் எங்கள் மேசையிலேயே கண்டது ஒன்று: கடைசிக் கையெழுத்துத் தாளில் கூடுதல் உத்தரவாதமோ காப்பீடோ ஏற்கெனவே 'சரி' போட்டு வந்திருக்கும். கடன் தொகை 24,000 என்று எழுதியிருக்கிறதா, அல்லது 25,800 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முழுப்பண விலையைக் கேட்டீர்களா?

கேள்வி: நான் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பணமும் அட்டைக்கு வந்துவிட்டது. ஆனாலும் தவணை வந்துகொண்டே இருக்கிறது.

பதில்: எனக்கே நடந்தது. விற்பவர் பணத்தைத் திருப்புவது ஒன்று, வங்கி தவணையை ரத்துசெய்வது வேறொன்று. இரண்டாவது தானாக நடக்காமல் போவதுண்டு. வங்கியை அழைத்து, தவணைக் கடன் எண்ணைச் சொல்லி ரத்துசெய்யச் சொல்லுங்கள். முதல் கேள்வியில் பார்த்த 30,000 ரூபாய்க் கைப்பேசி என்றால், திரும்பி வந்தது 28,730ஆகத்தான் இருக்கும். ஏற்கெனவே ஏறிய வட்டி, வரி, செயலாக்கக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. எனக்கு அந்த வகையில் 600 ரூபாய்க்கு மேல் போனது. மூன்று முறை எழுதியும் வரவில்லை.

கேள்வி: தொலைக்காட்சிப் பெட்டி, மாதம் 4,000, ஒன்பது மாதம், வட்டி இல்லை என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: முழுப் பணம் கொடுத்தால் என்ன விலை? அதைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். அது தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: கேட்டேன். 34,200 என்றார்கள். கட்டணம், வரி எல்லாம் சேர்த்துத் தவணையில் 36,500 ஆகிறது.

பதில்: இதுதான் கேள்வி கேட்கும் முறை. வித்தியாசம் 2,300. ஒன்பது மாதத் தவணைக்குச் சராசரி ஐந்து மாதம். ஆண்டு வட்டி 16 சதவீதம். உங்களுக்குத் தனிநபர் கடன் 12-க்குக் கிடைக்குமானால் இது வேண்டாம். கிடைக்காது, கையிலும் பணமில்லை, பெட்டியும் இப்போதே வேண்டுமென்றால், 16 சதவீதக் கடனில் வாங்குகிறேன் என்று தெரிந்தே வாங்குங்கள்.