ஓட்டல் கழிவு போட்டால் தீவன மாற்று விகிதம் 18 வருமா?

"6 யார்க்ஷயர் பன்றிகள். 30 நாளில் 1,620 கிலோ ஓட்டல் கழிவு தின்று, மொத்தம் 90 கிலோதான் ஏறியிருக்கின்றன. ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் என்ற விகிதம் 18 வருகிறதே, பன்றிகளிடம் கோளாறா?"

பன்றிகளிடம் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு பன்றிக்கு ஒரு நாளைக்கு 500 கிராம் ஏறியிருக்கிறது. கழிவில் வளர்பவைக்கு அது நல்ல வளர்ச்சி. நீங்கள் எடை போட்டதில் பெரும்பகுதி தண்ணீர், அதனால்தான் 18.

இதைச் செய்து பாருங்கள். வேகவைத்து ஆறிய கழிவை நன்றாகக் கலக்கி, தொட்டியில் ஊற்றுவதற்கு முன் 1 கிலோ எடுங்கள். தட்டில் பரப்பி, எடை இறங்குவது நிற்கும்வரை வெயிலில் காயவிடுங்கள். 220 கிராம் மிஞ்சினால் 1,620 கிலோ என்பது 356 கிலோ உலர் தீவனம்தான். அதை 90ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4. கடைத் தீவனத்தோடு ஒப்பிட வேண்டிய எண் இதுதான்.

ஒரு நாள் சாதம் அதிகம், மறுநாள் ரசமும் கழுவிய தண்ணீரும் என்று வரும். அதனால் வாரம் ஒரு மாதிரியாவது காயவைத்துச் சராசரி எடுங்கள்.

அப்படியும் 5க்கு மேல் போனால், தொட்டியில் மிஞ்சுவதையும் தரையில் சிந்துவதையும் முதலில் பாருங்கள். அப்புறம் பன்றிகளைத் தனித்தனியாக, காலையில் தீனிக்கு முன் எடை போடுங்கள். வளராத ஒன்று மொத்தக் கணக்கில் மறைந்துவிடும். குடற்புழுவா என்று அதற்குச் சாணப் பரிசோதனை செய்யலாம்.

நாடாவால் அளந்து எடை கணித்திருந்தால் மட்டும் இந்த 90 கிலோவையே முழுதாக நம்ப வேண்டாம். ஒவ்வொன்றிலும் சில கிலோ தவறினாலே விகிதம் மாறிவிடும்.