ஒரு மில்லிமீட்டரில் உயரம் போய்விடுமா?

"190 செ.மீ. உள்ளவர் உயரமானவர், ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் யாரும் உயரமற்றவர் ஆகிவிட மாட்டார், இப்படியே இறங்கி வந்தால் 150 செ.மீ. உள்ளவரும் உயரமானவர்தான் என்று வகுப்பில் நிரூபித்தார்கள். நான் விலை கொடுத்து வாங்கிய கையேடு 'இதை ஃபஸி லாஜிக் தீர்த்துவிட்டது' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. விடைத்தாளில் எந்த அடியைத் தவறு என்று எழுதுவது? 'உயரமான' என்ற சொல்லுக்கே பொருள் இல்லையோ என்றும் குழப்பமாக இருக்கிறது."
– தத்துவம் பயிலும் ஒரு மாணவி

"ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் யாரும் உயரமற்றவர் ஆகிவிட மாட்டார்" என்ற பொதுக்கூற்றே தவறு என்று எழுதுங்கள். இறங்கு வரிசையில் இன்ன படிதான் தவறு என்று விரல் வைத்துக் காட்ட முயலாதீர்கள். பெரும்பாலான விடைத்தாள்கள் சறுக்குவது அந்த முயற்சியில்தான். சொல்லுக்குப் பொருள் இல்லையோ என்ற குழப்பத்துக்கும் இடமில்லை. 190 செ.மீ. மனிதரை உயரமானவர் என்றும் 150 செ.மீ. மனிதரை அப்படி இல்லை என்றும் நீங்கள் தயங்காமல் சொல்கிறீர்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் இருப்பதால்தான் முடிவு உங்களுக்கு அபத்தமாகப் படுகிறது. பொருளே இல்லை என்றால் நிரூபணத்தின் முதல் வரியும் பொருளற்றதாகிவிடும். நிரூபிப்பவர் நிற்பதற்கே தரை இராது.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மிலேட்டஸ் நகரத்து யூபுலிடஸ் எழுப்பியதாகச் சொல்லப்படும் குவியல் புதிரின் மறு உருவம்தான் உங்கள் வகுப்பில் வந்தது. ஒரு மணியை எடுத்தால் குவியல் குவியலாகவே இருக்கும் என்று ஒப்புக்கொண்டவர், கடைசியில் ஒற்றை மணியையும் குவியல் என்று அழைக்க வேண்டியதாகிவிடும். மணியின் இடத்தில் மில்லிமீட்டரை வையுங்கள். 190 செ.மீ. தொடங்கி 150 செ.மீ. வரை, ஒவ்வொருவரும் முந்தையவரைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவாக, 401 பேர் வரிசையில் நிற்கிறார்கள். இடையே 400 படிகள். கணக்குக்காக மட்டும், 176 செ.மீ.க்கு மேலுள்ளவர்களைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை என்றும், 168 செ.மீ.க்குக் கீழுள்ளவர்களை யாரும் உயரமானவர் என்று சொல்ல மாட்டார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். நடுவில் நிற்பவர்கள்தான் எல்லைக்கோட்டு ஆட்கள். 172 செ.மீ. மனிதரை எத்தனை துல்லியமான கருவியால் மறுபடி அளந்தாலும் அவர் உயரமானவரா என்ற கேள்வி தீராது. குறை அளவையில் இல்லை; அந்த இடத்தில் எது சரி என்று சொல்லின் பொருள் எதையும் கட்டளையிடவில்லை.

அப்படியானால், சொல் கட்டளையிடாத இடத்தில் நாமே ஒரு கோடு போட்டுப் பார்க்கலாம். தத்துவவாதி கிட் ஃபைன் 1975இல் தெளிவின்மைக்கு விரிவாகப் பொருத்திக் காட்டிய சூப்பர்வேல்யுவேஷன் முறையின் சாரம் இதுதான். கோட்டை 172.4 செ.மீ.இல் போட்டால், 172.4 உள்ளவர் உயரமானவர், 172.3 உள்ளவர் அல்லர்; பொதுக்கூற்று அந்த இடத்தில் உடைகிறது. 170.1இல் போட்டால் 170.1க்கும் 170.0க்கும் இடையே உடைகிறது. நடுப்பகுதியில் கோட்டை எங்கே நகர்த்தினாலும் ஏதோ ஓரிடத்தில் அது உடைந்தே தீரும். எல்லாக் கோடுகளிலும் மெய்யாக வருவதே மெய், எல்லாக் கோடுகளிலும் பொய்யாக வருவதே பொய் என்பது இந்த முறையின் விதி. ஆகவே பொதுக்கூற்று பொய். ஆனால் "172.4க்கும் 172.3க்கும் இடையில்தான் உடைகிறது" என்ற கூற்று ஒரே ஒரு கோட்டில் மெய்யாகவும் மற்றக் கோடுகளிலெல்லாம் பொய்யாகவும் வருவதால், அது மெய்யும் அன்று, பொய்யும் அன்று. எங்கோ உடைகிறது என்று உறுதியாகத் தெரிந்தும் எங்கே என்று சொல்ல முடியாமல் தவிப்பதற்குக் காரணம் நம் அறியாமை அன்று. சொல்லின் பொருளே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

இது கொஞ்சம் கசக்கும். "ஒரு படியில் உடைகிறது, ஆனால் எந்தக் குறிப்பிட்ட படியிலும் உடைவதாகச் சொல்ல முடியாது" என்பதை விழுங்குவதுதான் இந்த முறைக்கு நாம் கொடுக்கும் விலை. விலையை மறைத்து விற்பவர்களைவிட, சொல்லிவிட்டு விற்பவரே மேல்.

மறைத்து விற்பவர்கள் என்றதும் உங்கள் கையேட்டுக்கு வருகிறேன். லோத்ஃபி சாதே 1965இல் ஃபஸி கணங்களை முன்வைத்தார்: ஒருவர் ஒரு கூட்டத்தில் சேர்வதை ஆம், இல்லை என்று வெட்டாமல் 0 முதல் 1 வரை ஓர் எண்ணால் அளக்கும் முறை அது. ஃபஸி லாஜிக்கில் ஒரு கூற்று எவ்வளவு மெய் என்பதையும் அப்படியே எண்ணால் சொல்வார்கள்; அதுதான் மெய்யளவு. கருவிகளைக் கட்டுப்படுத்தும் பொறியியலில் அந்த முறை நன்றாகவே பயன்பட்டது. அந்தப் பெயரைக் கடன் வாங்கி, தசமப் புள்ளி வந்தாலே துல்லியம் வந்துவிட்டது என்று மாணவர்களிடம் காசு பார்க்கும் குறிப்பு வியாபாரிகள்மீதுதான் என் கோபமெல்லாம். கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். 190 செ.மீ.க்கு மெய்யளவு 1, 150 செ.மீ.க்கு 0, இடையில் சீராக இறங்குவதாகக் கொண்டால், ஒவ்வொரு படிக்கும் 0.0025 குறையும். ஆகவே "இவர் உயரமானவர் என்றால் அடுத்தவரும் உயரமானவர்" என்ற ஒவ்வொரு படிக்கும் மெய்யளவு 0.9975, ஏறக்குறைய மெய். ஏறக்குறைய மெய்யான 400 படிகளை அடுக்கும்போது சிறு சிறு கசிவுகள் சேர்ந்து முழுவதுமாக வடிந்துவிடுகின்றன. ஒவ்வொரு படியும் நம்மை ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு இது அழகான விளக்கம் என்பதை மறுக்கவில்லை.

இப்போது கையேடு காட்டாத பக்கம். வேலன் 170 செ.மீ.; மெய்யளவு 0.5. மாறன் 169.9 செ.மீ.; மெய்யளவு 0.4975. "மாறன் உயரமானவர், வேலன் உயரமானவர் அல்லர்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலன் உயரமானவர் அல்லர் என்பதன் அளவும் 0.5தான். வழக்கமான ஃபஸி விதிப்படி இணைப்புக் கூற்றுக்கு இரண்டில் சிறிய எண் கிடைக்கும். ஆகவே வாக்கியம் 0.4975 அளவுக்கு, அதாவது கிட்டத்தட்டப் பாதி, மெய். ஆனால் இருவரில் உயரம் குறைந்தவரை உயரமானவர் என்றும், அவரைவிட நெடியவரை அப்படி இல்லை என்றும் சொல்லும் வாக்கியத்தில் பாதி மெய் எங்கிருந்து வரும்? அது முழுப் பொய். கோடு போடும் முறையில் இந்தச் சிக்கல் எழவே எழாது: மாறனை உள்ளே விடும் எந்தக் கோடும் வேலனையும் உள்ளே விட்டுவிடும். எல்லைக்கோட்டு ஆட்கள் இருவருக்கிடையே நிலவும் இத்தகைய தொடர்பைக் காப்பாற்ற முடியாததே எளிய ஃபஸி விடையின் பெருங்குறை. 0.4975 என்ற எண் எங்கிருந்து வந்தது, ஏன் 0.4980 இல்லை என்று கேட்டால் கையேட்டுக்காரரிடம் பதில் இராது.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழில் எழுதும்போது இதில் தடுக்கி விழாதவர் குறைவு. "வேலன் மாறனைவிட உயரமானவர்" என்ற வாக்கியத்தில் தெளிவின்மை துளியும் இல்லை. ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதலானாலும் அது மெய்தான். இருவருமே குள்ளமானவர்களாக இருந்தாலும் மெய்தான். தமிழில் ஒப்புமைக்காக "உயரமான" என்ற சொல் உருமாறுவதில்லை. "விட" என்பது மட்டும் வந்து, எதை அளவுகோலாகக் கொள்வது என்று காட்டுகிறது. "விட" இல்லாதபோது, கண்ணுக்குத் தெரியாத ஓர் அளவுகோலைச் சூழல்தான் தர வேண்டும். தெளிவின்மை நுழைவது அந்த வாசல் வழியாகத்தான் என்று சொற்பொருளை ஆராயும் பொருண்மையியலில் கிறிஸ்டோபர் கென்னடி போன்றோர் வாதிடுகிறார்கள். "அவர் 150 செ.மீ. உயரம்" என்று சொல்லும்போதும் தெளிவின்மை இல்லை: அங்கே உயரம் வெறும் அளவுப்பெயர், அவர் நெடியவர் என்ற தீர்ப்பு அதில் இல்லை. ஆனால் "மாறனோடு ஒப்பிட்டால் வேலன் உயரமானவர்" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான் என்றால் அந்த வாக்கியம் நாக்கில் இடறும்; பார்த்தவுடன் தெரியும் அளவுக்கு வித்தியாசம் வேண்டும். ஒப்பீடு வந்துவிட்டதே, தெளிவின்மை போய்விடும் என்று நம்பினால் ஏமாந்து போவீர்கள். "விட" அதை நீக்குகிறது, "ஒப்பிட்டால்" நீக்குவதில்லை. ஆகவே படிகளை எழுதும்போது, ஒரு வரியில் "உயரமானவர்", மறுவரியில் "இவரைவிட உயரமானவர்" என்று கலந்து எழுதாதீர்கள்.

தத்துவவாதி திமோத்தி வில்லியம்சன் 1994இல் விரிவாக வாதாடிய வழியும் உண்டு. உண்மையிலேயே ஒரு கூர்மையான கோடு இருக்கிறது, அது எங்கே என்று நம்மால் அறிய முடியாது, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. முதலில் கேட்பவர்கள் சிரிப்பார்கள்; ஆனால் தர்க்க விதி ஒன்றைக்கூடத் தொடாமல் புதிரை அவிழ்ப்பது அவர் வழிதான். உங்களுக்குத் தெரிய வேண்டியது, அவர் கணக்கிலும் அதே பொதுக்கூற்றுதான் பொய்.

கோடு போடும் முறைக்கும் ஓர் அடி விழுந்திருக்கிறது; அதையும் எழுதினால் விடை நேர்மையாக இருக்கும். உயர வரிசையில் ஐந்து ஆண்கள் நிற்கும் படத்தைக் காட்டி அல்க்ஸாதிப், பெல்லெட்டியர் என்ற ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட சோதனையில், நடுத்தர உயரமுள்ளவரைப் பற்றி "அவர் உயரமானவர், உயரமானவர் அல்லர்" என்ற கூற்றைக் கணிசமானோர் மெய் என்று ஏற்றார்கள். எந்தக் கோட்டிலும் அது பொய்யாகத்தான் வரும். நாமும் பேச்சில் "உயரம்தான், ஆனால் உயரம் என்றும் சொல்ல முடியாது" என்கிறோமே. "உயரமும் இல்லை, குட்டையும் இல்லை" என்பதை இதோடு சேர்க்காதீர்கள். அதில் முரண்பாடே இல்லை, இரண்டுக்கும் நடுவில் இடம் இருக்கிறது.

இத்தனையும் எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்று கேட்பீர்கள். ஒரு முறை விடைத்தாள் திருத்தும் பணியில், மாதிரி விடையில் ஒரே ஒரு கொள்கையின் பெயர் அச்சிடப்பட்டு, அந்தப் பெயர் இருந்தால் முழு மதிப்பெண், இல்லையென்றால் பூஜ்யம் என்று அறிவுறுத்தியிருந்தார்கள். எல்லைக்கோட்டு நேர்வுகளைப் பற்றிய கேள்விக்கே நடுவில் மதிப்பெண் இல்லை. அந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. முதல் வரியில் பொதுக்கூற்று பொய் என்று எழுதி, 172.4, 170.1 என்ற இரண்டு கோடுகளைப் போட்டுக் காட்டுங்கள். பிறகு ஃபஸி என்ற பெயரை எழுதி, 0.9975ஐயும், வேலன்–மாறன் கணக்கையும் நான்கு வரியில் போடுங்கள். பெயரைத் தேடுபவருக்குப் பெயர் கிடைக்கும். படித்துத் திருத்துபவர் இருந்தால் அவருக்கு விடையும் கிடைக்கும்.