விகடகவிக்கு அடுத்து என்ன?

கேள்வி: திருப்பிப் படித்தாலும் மாறாத தமிழ்ச் சொற்களை எப்படிக் கண்டுபிடிப்பது? விகடகவியைத் தாண்டி எனக்கு எதுவும் அகப்படவில்லை.

நீங்கள் மனதுக்கு வந்த சொல்லையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எந்தச் சொல் ஒருநாளும் தேறாது என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதி வேலை குறையும்.

தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது. ஆகவே புள்ளியில் முடிகிற சொல்லைத் திருப்பவே முடியாது. மரம், பால், கண், வந்தான் எல்லாம் போச்சு. அதேபோல, அளபெடையை விட்டுவிட்டால், அ, ஆ, இ போன்ற உயிரெழுத்து சொல்லின் கடைசியில் தனியாக வந்து நிற்காது. எனவே அம்மா, இலை, ஊர் என்று உயிரில் தொடங்குபவையும் கழிந்தன. அப்புறம் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசை எழுத்துகள் சொல்லுக்கு முதலில் வராது. வீடு, கிளி, வலை, மழை எல்லாம் அதனால் விழும். (லாலா மாதிரி வெளியிலிருந்து வந்தவை தனிக் கணக்கு.)

மீதி இருப்பவற்றில் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றாக உள்ளவற்றை மட்டும் பாருங்கள். 'கு'வில் தொடங்கி 'கு'வில் முடிவது: குடகு, குறுகு. 'வி': வினவி. 'தி': இலங்கைத் தமிழர் நாளைக் குறிக்கச் சொல்லும் திகதி. 'கை': கைரேகை. நடுவில் புள்ளி வரலாம், ஆனால் அதன் இரு பக்கமும் ஒரே எழுத்து இருக்க வேண்டும்: தாத்தா, பாப்பா, தந்த.

இதைவிடப் பெரிய வயல் ஒன்று இருக்கிறது. 'ம்' என்று முடிந்ததால் கழித்துவிட்ட சொற்களை ஆ, ஏ, ஓ சேர்த்து மீட்டுவிடலாம். சொல் 'மா'வில் தொடங்கினால் ஆ: மாதமா, மாயமா, மாறுமா. 'மே'யில் தொடங்கினால் ஏ: மேகமே, மேளதாளமே. 'மோ'வில் தொடங்கினால் ஓ: மோகமோ, மோசமோ. பாம்பு கூட 'பாம்பா?' என்று கேட்டால் தேறிவிடும்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆறாத கோபம். எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவில் இப்படி ஒரு போட்டி வைத்தார்கள். என் மகள் மேகமே, மாயமா இரண்டையும் எழுதியிருந்தாள். நடுவர் இரண்டையும் அடித்துவிட்டார். "இதெல்லாம் ஒட்டு சேர்த்த சொல் பாப்பா, செல்லாது" என்றார். பக்கத்துப் பையன் 'மலையாளம்' என்று எழுதியதற்கு முழு மதிப்பெண்! அது ஆங்கில எழுத்தில்தான் இரு பக்கமும் ஒன்று. தமிழில் ம, லை, யா, ள, ம். திருப்பினால் 'ம்' முதலில் வந்து நிற்கும். நான் போய்ச் சொன்னேன், "சார், எழுத்தெழுத்தாக எண்ணிப் பாருங்கள்" என்று. "விடுங்க சார், குழந்தைகள் போட்டிதானே" என்று முடித்துவிட்டார். குழந்தைகள் போட்டி என்பதால்தானே சரியாகத் திருத்த வேண்டும்? ஒவ்வொரு வருஷமும் தமிழ்ப் போட்டியைச் சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் கடைசியாக வைத்து, கையில் கிடைத்தவரை நடுவராக்கி, கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். நடனத்துக்கு மட்டும் வெளியிலிருந்து நடுவர் வருவார்.

ஒட்டு சேர்ப்பது ஏமாற்று வேலை என்று இங்கேயும் யாராவது வரலாம். அவர்களுக்கு: திருஞானசம்பந்தர் சீர்காழி மேல் பாடிய திருமாலைமாற்றுப் பதிகம், மூன்றாம் திருமுறையில் 117ஆவது. ஒவ்வொரு பாட்டும் கடைசியிலிருந்து படித்தாலும் அதே பாட்டு. அது தொடங்குவதே 'யாமாமா' என்றுதான். யாம் ஆமா, அதாவது 'நாங்கள் கடவுள் ஆவோமா' என்ற கேள்வி. அந்தக் கடைசி ஆவும் என் மகள் 'மாயமா'வில் சேர்த்த ஆவும் ஒன்றேதான்.

எழுத்தை விட்டு ஒலியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கும் ஒன்று. அப்படிப் பார்த்தால் 'வி' என்பது வ், இ என்று பிரிந்து, திருப்பும்போது இ முன்னால் வரும். விகடகவியே தோற்றுவிடும்.

தனிச்சொல்லில் ஐந்தெழுத்தைத் தாண்டுவது கஷ்டம். பிறகு தொடர்தான்: தேரு வருதே, மோரு போருமோ, யானை பூனையா. முதல் இரண்டிலும் ஏன் பேச்சுவழக்கு என்று கவனியுங்கள். 'தேர்' என்றே எழுதினால் நடுவில் புள்ளி வந்து, மறுபக்கத்து 'ரு'வோடு பொருந்தாது. நீங்களே தொடர் கட்டும்போதும் பால், ஊர், கண் என்று வருகிற இடத்தில் பாலு, ஊரு, கண்ணு என்று போட்டுப் பாருங்கள்.