இன்சூரன்ஸ் பேனலுக்குக் கடிதம்: கேள்வி பதில்

கோபிசெட்டிபாளையம், நிர்வாகி: எங்களுடையது 30 படுக்கை அறுவை சிகிச்சை மருத்துவமனை, அக்கா. கேஷ்லெஸ் பேனலில் எங்களையும் சேர்க்கச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டு மாதங்கள் ஓடிவிட்டன, பதிலே இல்லை. நகலை அனுப்பியிருக்கிறேன். எங்கே பிசகு?

பதில்: முதல் பக்கம் முழுக்க நிறுவனர் வரலாறும் "அதிநவீன வசதி"களும்தான். கம்பெனியின் நெட்வொர்க் பிரிவில் அதை யாரும் படிக்க மாட்டார்கள். அவர்கள் கடிதத்தை ஒரு கையிலும் இணைப்புகளை மறு கையிலும் வைத்து ஒப்பிடுவார்கள். உங்கள் கடிதத்தில் 50 படுக்கை என்று இருக்கிறது. மருத்துவ நிறுவனங்கள் சட்டப் பதிவுச் சான்றிதழில் 30. மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த அனுமதியில் 35. எதை நம்புவது? பெயரும் அப்படித்தான். கடிதத் தலைப்பில் மருத்துவமனை, பான் அட்டையில் டிரஸ்ட், வங்கிக் கணக்கில் பெரிய டாக்டர். பணம் யாருக்குப் போகிறது என்று தெளிவாகாத இடத்தோடு எவரும் ஒப்பந்தம் போட மாட்டார்கள்.

எனவே முதலில் காகிதங்களை ஒன்றுபோல ஆக்குங்கள், பிறகு கடிதம். மருத்துவமனைகளுக்கான ரோஹிணி பதிவேட்டில் உங்களுக்குத் தந்த 13 இலக்க எண்ணை மேலேயே போடுங்கள். வசதியைச் சொல்லும்போது, "ஐசியூ படுக்கை 4, வென்டிலேட்டர் 2, இரவுப் பணி மருத்துவர் ஒருவர்" என்று இருப்பதை எண்ணி எழுதுங்கள். பார்வையிட வருகிறவர் அதைத்தான் எண்ணிப் பார்ப்பார்.

பெருந்துறை, டாக்டர்: என்ஏபிஹெச் தரச்சான்றில் முழு அங்கீகாரம் இல்லாமல் கடிதமே போடக்கூடாது, அது ஐஆர்டிஏ விதி என்கிறார்களே?

பதில்: பாதி சரி, டாக்டர். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏவின் 2016 வழிகாட்டுதலில் கெடுவோடு கேட்கப்பட்டதும் நுழைவுநிலைச் சான்றுதான், முழு அங்கீகாரம் அல்ல. 2022 ஜூலையில் வந்த சுற்றறிக்கை, தகுதி வரையறையை அந்தந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவிடமே விட்டுவிட்டது. அதனால் ஒரு கம்பெனி கேட்பதை இன்னொன்று கேட்காது. உங்களிடம் நுழைவுநிலை இருந்தால் "நுழைவுநிலை" என்றே எழுதி, சான்று எண்ணையும் முடியும் தேதியையும் கொடுங்கள். விண்ணப்பம் மட்டும் போட்டிருந்தால் விண்ணப்ப எண்ணைச் சொல்லுங்கள். சான்று கைக்கு வருமுன் கடிதத் தலைப்பில் முத்திரையை அச்சடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வம்பை விலைக்கு வாங்குவது.

திருப்பூர், பனியன் கம்பெனி ஊழியர்: அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். மருத்துவமனையில் கேஷ்லெஸ் இல்லை என்கிறார்கள். இந்தக் கடிதத்தை நாங்களே எழுதலாமா?

பதில்: இது மருத்துவமனை எழுதும் கடிதம், தம்பி. உங்களுக்கு வேறு வழி உண்டு. 2024 ஜனவரியில் வந்த "எங்கும் கேஷ்லெஸ்" ஏற்பாட்டின்படி, முன்கூட்டித் திட்டமிட்ட ஆபரேஷனென்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே கம்பெனிக்குத் தெரிவியுங்கள். மருத்துவமனையும் சம்மதிக்க வேண்டும். மறுத்தால் பில்லைக் கட்டிவிட்டு, பிறகு கிளெய்ம் போடுங்கள்.

கோபிசெட்டிபாளையம், நிர்வாகி: கட்டணப் பட்டியலில் எல்லாவற்றையும் பேக்கேஜாகவே கொடுத்துவிட்டால் வேலை சுலபம்தானே?

பதில்: சுலபம்தான், கைதான் கடிக்கும். கணக்குக்காக அந்தக் குடலிறக்கத்தையே எடுத்துக்கொள்வோம். இருவர் அறையில் லேப்ராஸ்கோபி பேக்கேஜ் 60,000 ரூபாய், அதற்குள் குடலிறக்கத்தை அடைக்க உள்ளே வைக்கும் வலை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி 10 சதவீதம் தள்ளுபடி கேட்டால் உங்களுக்கு வருவது 54,000. வலை விற்றவர் உங்களுக்கு ஒரு பைசா குறைக்கமாட்டார். வலையைத் தனியே காட்டி, தள்ளுபடி அதற்குப் பொருந்தாது என்று எழுதியிருந்தால் 43,200 கூட்டல் 12,000, ஆக 55,200. ஒரு நோயாளிக்கு 1,200 ரூபாய் வித்தியாசம்.

அதற்காக எல்லாவற்றையும் வெளியே தள்ளினால், மொத்தம் எவ்வளவு வரும் என்று அவர்களுக்குப் புரியாமல் பட்டியலைத் திருப்பி அனுப்புவார்கள். அறுவை அரங்கம், மயக்க மருந்து, மருத்துவர் கட்டணம், இரண்டு நாள் அறை, வழக்கமான மருந்துகள் உள்ளே இருக்கட்டும். வலை வெளியே. சர்க்கரை ஏறி நோயாளி மூன்றாம் நாளும் தங்கினால் அந்த நாள் எந்த விலையில் என்ற வரி கட்டாயம் வேண்டும். பாதிச் சண்டை அந்த வரி இல்லாததால் வருவதுதான்.

வரவேற்பறையில் தொங்கும் கட்டணப் பலகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரொக்க நோயாளிக்கு 45,000, இன்சூரன்ஸுக்கு 60,000 என்று இருந்தால், பார்வையிட வருகிறவர் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு போவார்.

தாராபுரம், டாக்டர்: பொதுத்துறை இன்சூரன்ஸ் கம்பெனிகள் நான்கும் தங்கள் கூட்டுப் பேனலுக்கு வைத்திருக்கும் பிபிஎன் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. சேர்வதா, விடுவதா?

பதில்: நோயாளிகளில் அந்தப் பாலிசிக்காரர்கள் எத்தனை பேர் என்று பதிவேட்டில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

ஈரோடு, டாக்டர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் சேர்ந்தோம். பிரசவத்தில் நஷ்டம், கண்புரையில் அந்த நஷ்டம் ஈடாகிறது.

தாராபுரம், டாக்டர்: எங்களிடம் கண் பிரிவே இல்லையே, சார்.

பதில்: அப்படியென்றால் ஈரோட்டுக் கணக்கு உங்களுக்கு உதவாது. நீங்கள் அதிகம் செய்யும் ஐந்து அறுவைகளின் அடக்கச் செலவை மட்டும் எழுதி அனுப்புங்கள், பிபிஎன் விலையோடு வைத்துப் பார்க்கிறேன்.